நேர்க்காரணமும் கடமையும்: பழவேற்காடு வட்டாரத்தில் பணியிட மரணமும் வேலையளிப்பவரின் குற்றவியல் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பாதுகாப்பற்ற பணியிடத்தில் தொழிலாளி ஒருவர் இறக்கும்போது வேலையளிப்பவரைக் குற்றவாளியாக்க இந்தியச் சட்டம் இருவகைக் கருவிகளைக் கொண்டுள்ளது. ஒன்று, எவருக்கும் பொருந்தும் பொதுத் தண்டனைச் சட்டம். மற்றொன்று, தொழிற்சாலை, கட்டுமானம் போன்ற துறைகளுக்குரிய பாதுகாப்புச் சட்டம். முன்னதில் தண்டனை பெரிது, மெய்ப்பித்தல் கடினம். பின்னதில் மெய்ப்பித்தல் எளிது, தண்டனை மிகச் சிறிது. இவ்விரண்டும் வளர்ந்த வரலாற்றைப் பழவேற்காடு ஏரியை அடுத்த மீனவ ஊர்களின் தொழில் மாற்றத்தோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சிறிய சட்டத்தின் விதிமீறலே பெரிய சட்டத்தின் குற்றத்துக்கு அடித்தளமாகிறது என்பதும், மீறப்பட்ட விதி எந்த ஆபத்தைத் தடுக்க இயற்றப்பட்டதோ அதே ஆபத்தால் மரணம் நேர்ந்தது எனக் காட்டப்படும்போதே அவ்வடித்தளம் வலுப்பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, பாட்டு முறை, பணியிட மரணம், கவனக்குறைவு, நேர்க்காரணம், கட்டுமானத் தொழிலாளர், எண்ணூர்

முன்னுரை

2025 செப்டம்பர் 30 அன்று மாலை, மீஞ்சூரை அடுத்த எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத் தளத்தில் எஃகு வளைவுக் கட்டமைப்பு ஒன்று சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் அசாம் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். மின் நிலையம் தமிழ்நாட்டு மின்துறைக்கு உரியது. கட்டுமானப் பணி பாரத மிகுமின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பிரதமரும் தமிழக முதலமைச்சரும் இறந்தோர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை அறிவித்தனர்.

நிவாரணம் குற்றவியல் பொறுப்பு ஆகாது. இழப்பீடு குடும்பத்தின் இழப்பை அளக்கிறது. குற்றவியல் சட்டமோ செய்தவரின் நடத்தையை அளக்கிறது. இந்நிகழ்வில் எவர் குற்றவாளி என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. இத்தகைய மரணத்தில் நீதிமன்றம் எந்தக் கேள்விகளைக் கேட்கும், அக்கேள்விகள் எவ்வாறு உருவாயின, அவற்றுக்கு விடை காண எவை தேவை என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே இதன் நோக்கம்.

வேலையளிப்பவர் இல்லாத தொழில்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்திலும் அது பரந்து கிடக்கிறது. தெற்கே பக்கிங்காம் கால்வாய் அதனை எண்ணூர்க் கழிமுகத்தோடு இணைக்கிறது. இவ்வேரியின் தென்பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் ஏற்பாடு பாட்டு முறை எனப்படும். மீன்பிடி இடங்கள் ‘பாடு’ என வகுக்கப்பட்டு, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பது ஊர் ஒப்புக்கொண்ட முறையில், சீட்டுக் குலுக்கியோ சுற்று வரிசையிலோ முடிவு செய்யப்படும்.

இத்தொழிலில் கூலி இல்லை, பங்கு உண்டு. படகுக்கும் வலைக்கும் உழைப்புக்கும் எனப் பிடிபாடு பிரிக்கப்படுகிறது. படகுக்காரரும் அதே படகில் ஏறி அதே அலையைக் கடக்கிறார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்தால், அவரை வேலைக்கு அனுப்பியவர் எவர் என்ற கேள்விக்குச் சட்டம் எதிர்பார்க்கும் வடிவில் விடை கிடைப்பதில்லை. ஆபத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தை ஏற்படுத்தி அதற்குள் இன்னொருவரை அனுப்பியவர் இல்லை. ஆகவே மரணத்தைத் தொடர்ந்த பொறுப்பை ஊரே ஏற்றது; குற்றவியல் சட்டம் அங்கே பெரிதும் வெளியே நின்றது.

கடந்த முப்பதாண்டுகளில் இவ்வட்டாரத்தின் தென்முனையில் வட சென்னை அனல் மின் நிலையமும் எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் அதற்காக இடம்பெயர்க்கப்பட்டது. மீன்பிடி இடங்களை இழந்த குடும்பங்களில் சிலர் ஒப்பந்தக் கூலிகளாயினர். கட்டுமானத்தின் பெரும்பகுதியை வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஏற்றனர். இங்கு வேலையளிப்பவர் இல்லாமலில்லை. ஒருவருக்குப் பதில் பலர் இருக்கிறார்கள். நில உரிமையாளர், முதன்மை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழ் உள்ஒப்பந்ததாரர், ஆள் கொண்டுவரும் மேஸ்திரி என்று அடுக்கு நீள்கிறது. ஏரியில் வேலையளிப்பவர் பங்காளிகளுக்குள் கரைந்தார். கரையில் ஒப்பந்த அடுக்குக்குள் கரைகிறார். முதல் கரைதலில் ஆபத்தும் சேர்ந்து பகிரப்பட்டது. இரண்டாவதில் ஆபத்து அடுக்கின் அடியில் இருப்பவரிடம் மட்டும் தங்கிவிட்டது.

1870: கவனக்குறைவு குற்றமாதல்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837 இல் அளித்த வரைவில், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஒரு பிரிவு இருந்தது. 1860 இல் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது அது இடம்பெறவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் 1870 ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 304அ என்ற பிரிவாகச் சேர்த்தது. கொலையாகாத மரணம் என்ற குற்றத்தின் அளவுக்கு உயராத, முன்யோசனையற்ற அல்லது கவனக்குறைவான செயலைச் செய்து ஒருவருக்கு மரணம் விளைவிப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்பது அதன் சாரம்.

இப்பிரிவில் இரு சொற்கள் வேலையளிப்பவரைப் பொறுத்தமட்டில் முக்கியமானவை: ‘செயல்’, ‘விளைவித்தல்’. வண்டியோட்டி ஒருவர் ஆளை மோதினால் செயலும் விளைவும் ஒரே கணத்தில் ஒரே கையில் இருக்கின்றன. தொழிற்சாலை உரிமையாளரோ விபத்தின்போது பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. அவர்மீது சொல்லப்படும் குறை, செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்பதே. செய்யாமை எவ்வாறு செயலாகும்? இதற்குத் தண்டனைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு வழி வைத்திருந்தது: செயல் என்று சட்டம் கூறுமிடத்தில், சட்டவிரோதமான செய்யாமையும் அடங்கும். வெறும் செய்யாமை போதாது. அது சட்டவிரோதமானதாக இருக்கவேண்டும். ஒரு பாதுகாப்பு விதி இன்னின்னதைச் செய்க என்று கட்டளையிட்டிருந்து அது செய்யப்படாமல் விடப்பட்டால், அவ்விடுதல் சட்டத்தின் கண்ணில் செயலாகிவிடுகிறது. பாதுகாப்பு விதிக்கும் தண்டனைச் சட்டத்துக்கும் இடையிலான பாலம் இதுவே.

‘விளைவித்தல்’ என்ற சொல்லுக்கு வரம்பு வகுத்தது பம்பாய் உயர் நீதிமன்றம். 1902 இல் ஓம்கார் ராம்பிரதாப் வழக்கில் சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ், மரணம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கவனக்குறைவின் நேரடி விளைவாக இருக்கவேண்டும் என்றும், இடையில் வேறொருவரின் கவனக்குறைவு புகாமல் அக்கவனக்குறைவே மரணத்தின் அண்மையான, விளைவை உண்டாக்கும் காரணமாக நிற்கவேண்டும் என்றும் கூறினார். இலத்தீன் சட்டமரபு இதனைக் ‘காசா காசான்ஸ்’ என்கிறது. தமிழில் நேர்க்காரணம் எனலாம். ‘அது இல்லாதிருந்தால் இது நிகழ்ந்திராது’ என்ற அளவில் நிற்கும் பின்னணிக் காரணம் இதனினும் வேறானது. 304அ பிரிவுக்கு அது போதாது.

பம்பாய் வண்ணத் தொழிற்சாலைத் தீ

இவ்வரம்பு பணியிட மரணத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதைக் குர்பான் உசேன் முகமதலி ரங்கவாலா எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற வழக்கு காட்டுகிறது. 1965 இன் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற இத்தீர்ப்பு இன்றும் இவ்வகை வழக்குகளில் முதலில் எடுத்துக்காட்டப்படுவது.

பம்பாயில் வண்ணமும் மெருகெண்ணெயும் தயாரித்த ஒரு கூட்டு நிறுவனத்தின் மேலாளரும் பங்காளியுமானவர் இதில் குற்றஞ்சாட்டப்பட்டவர். நிறுவனம் பெற்றிருந்த உரிமம் குளிர்முறையில் வண்ணம் தயாரிக்க மட்டுமே. நடைமுறையிலோ, குங்கிலியத்தையும் நிலக்கீலையும் அடுப்பில் உருக்கும் சூட்டுமுறை பின்பற்றப்பட்டது. அதற்காக நான்கு அடுப்புகள் இருந்தன. அதே அறையில் கற்பூரத் தைலமும் மெருகெண்ணெயும் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே பரண், அதிலும் தொழிலாளர்கள் வேலை செய்தனர்.

1962 இல் ஒரு நாள், உருக்கிய பொருள் போதிய அளவு ஆறுவதற்கு முன்பே தொழிலாளி ஒருவர் அதில் கற்பூரத் தைலத்தைச் சேர்த்தார். நுரை பொங்கிப் பீப்பாயை மீறி வழிந்தது, தீ மூண்டது, அருகிலிருந்த தைலமும் மெருகெண்ணெயும் பற்றிக்கொண்டன. பரணில் இருந்த ஏழு தொழிலாளர்கள் தீக்காயங்களால் மாண்டனர்.

கீழ் நீதிமன்றங்கள் மேலாளரை இரு குற்றங்களுக்குத் தண்டித்தன. ஒன்று 304அ. மற்றொன்று, தீயையும் தீப்பற்றும் பொருளையும் கவனக்குறைவாகக் கையாண்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 285 ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. தீப்பற்றும் பொருளுக்கருகே அடுப்பெரிய விட்டது கவனக்குறைவே. எனவே 285 ஆம் பிரிவின் தண்டனை நிலைத்தது. ஆனால் தீ மூண்டதற்கு நேர்க்காரணம் தொழிலாளி அவசரமாகத் தைலத்தைச் சேர்த்ததுதான். மேலாளரின் கவனக்குறைவு அதற்குப் பின்னணி மட்டுமே. உரிமம் மீறப்பட்டது என்பதனால் மட்டும் மரணத்தை அவர் விளைவித்தார் ஆகிவிடாது. ஆகவே 304அ பிரிவிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

தருக்கத்தளவில் இத்தீர்ப்பு ஓம்கார் ராம்பிரதாப் வழக்கின் நேர்வழித் தொடர்ச்சி. ஆனால் பணியிடத்தில் அதன் பயன் வேறு. ஆலையில் கடைசிக் கணத்தில் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவர் எப்போதும் தொழிலாளியே. கடைசிக் கையையே நேர்க்காரணமாகக் கொண்டால், பெரும்பாலான விபத்துகளில் சங்கிலி தொழிலாளியிடம் வந்து அறுந்துபோகும். தொழிலாளி சிறு பிழை செய்வார் என்பது எதிர்பார்க்கத்தக்கது. பிழை நேர்ந்தாலும் உயிர் போகாதபடி தைலத்தை வேறறையில் வைப்பதும், பரணுக்கு வெளியேறும் வழி விடுவதுமே பாதுகாப்பு ஏற்பாட்டின் பொருள். இந்த நோக்கு 1965 தீர்ப்பில் தலையெடுக்கவில்லை.

எதிர்த்திசைத் தீர்ப்புகள்

எனினும் அத்தீர்ப்பு எல்லா வாயிலையும் அடைத்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே நீதிமன்றம் இரு வழக்குகளில் 304அ தண்டனையை உறுதிசெய்தது.

முதலாவது, பாலசந்திரா எதிர் மகாராஷ்டிர மாநிலம் (1968). பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து, அங்கு வேலைசெய்த பெண்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் இறந்தனர். எந்தப் பொறி எவர் கையிலிருந்து கிளம்பியது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆயினும், எளிதில் வெடிக்கும் தன்மையால் தடைசெய்யப்பட்ட கலவைகளை உரிமையாளர்கள் வைத்திருந்தனர். அத்தகைய பொருள் தானே வெடிக்கும் இயல்புடையது. அதனைத் தொழிலாளர் நடுவே வைத்திருந்ததே மரணத்தின் அண்மைக் காரணம் என நீதிமன்றம் கொண்டது.

இரண்டாவது, ரஸ்தம் ஷெரியார் இரானி எதிர் மகாராஷ்டிர மாநிலம். ரொட்டிக்கடை ஒன்றின் புகைபோக்கி மாற்றியமைக்கப்படுகையில் சரிந்து பதினொருவர் இறந்தனர். உரிமையாளர் மாநகராட்சியின் அனுமதி பெறவில்லை. தகுதியுள்ள வல்லுநரின் ஆலோசனையையும் நாடவில்லை. புகைபோக்கி சரிந்தபோது அவர் கை அதன்மேல் இல்லை. ஆயினும் தகுதியற்ற முறையில் அப்பணியை நடத்த முடிவெடுத்ததே நேர்க்காரணம் எனக் கொண்டு தண்டனை நிலைநிறுத்தப்பட்டது.

இம்மூன்று வழக்குகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். வண்ண ஆலையில் மீறப்பட்டது உரிமத்தின் நிபந்தனை. தீயோ தொழிலாளியின் தனிப்பிழையால் மூண்டது என்று நீதிமன்றம் கண்டது. பட்டாசு ஆலையில் மீறப்பட்ட தடை வெடிப்பைத் தடுக்கவே இயற்றப்பட்டது; நிகழ்ந்ததும் வெடிப்பே. ரொட்டிக்கடையில் அனுமதியும் வல்லுநர் ஆலோசனையும் சரிவைத் தடுக்கவே வேண்டப்பட்டவை, நிகழ்ந்ததும் சரிவே. விதி தடுக்க முனைந்த ஆபத்தும் நிகழ்ந்த மரணத்தின் வகையும் ஒன்றாகும்போது, செய்யாமை நேர்க்காரணத்தின் நிலைக்கு உயர்கிறது. பின்னாளில் தில்லி உபஹார் திரையரங்கத் தீ வழக்கின் 2014 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில் சென்றது. தீ மூண்டது மின்மாற்றியில். ஆயினும் வெளியேறும் வழிகள் தடைபட்டதால் மக்கள் மாண்டனர். அவ்வழிகளைத் திறந்து வைப்பது திரையரங்கத்தாரின் சட்டக் கடமை. ஆகவே அக்கடமை மீறலே நேர்க்காரணம் என்று தீர்ப்பு கூறியது. அங்கு இறந்தோர் தொழிலாளர் அல்லர், பார்வையாளர். ஆனால் தருக்கம் பணியிடத்துக்கும் பொருந்தும். இத்தருக்கம் 1962 இன் பரணுக்குப் பயன்பட்டிருக்குமாயின், தீயை எவர் மூட்டினார் என்பதோடு பரணிலிருந்தவர்கள் ஏன் தப்ப இயலவில்லை என்ற கேள்வியும் எழுந்திருக்கும்.

எவர் வேலையளிப்பவர்?

பொதுச் சட்டம் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க, துறைச் சட்டங்கள் ஆளைத் தேடின. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சாலையின் இறுதிக் கட்டுப்பாட்டை உடையவரைப் பொறுப்பாளராக்கியது. கம்பெனிகள் கீழ்நிலை அலுவலர் ஒருவரை அப்பொறுப்பாளராக அறிவித்துவிட்டு இயக்குநர்களைக் காத்துக்கொண்டன. 1984 போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1987 திருத்தம், கம்பெனியாயின் அதன் இயக்குநர்களுள் ஒருவரே பொறுப்பாளர் என்று வரையறுத்தது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. பாதுகாப்பு விதி மீறலால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டுவரை சிறையும், விதிக்கப்படும் அபராதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமையும் அச்சட்டத்தின் 92 ஆம் பிரிவில் இருந்தன.

ஆனால் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் மின் நிலையம் தொழிற்சாலையா? லான்கோ அன்பரா மின் நிறுவனம் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில் 2016 இல் இக்கேள்வி எழுந்தது. தாங்கள் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளதால், கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் (1996) தங்களுக்குப் பொருந்தாது என அனல் மின் நிலையம் கட்டிய நிறுவனங்கள் வாதிட்டன. உற்பத்தி தொடங்காதவரை அது தொழிற்சாலை ஆகாது, கட்டுமானத் தொழிலாளர் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொழிலாளர் நலனைப் பொறுத்தமட்டில் இது நற்றீர்ப்பு. நலவாரியத்தின் பயன்கள் அதனால் கிட்டின. வேலையளிப்பவர் என்ற சொல்லுக்கும் 1996 சட்டம் விரிந்த பொருள் தந்தது: உரிமையாளரோடு, ஒப்பந்ததாரர் வழியே பணி நடக்குமிடத்தில் அவ்வொப்பந்ததாரரும் அதில் அடங்குவர். ஐந்நூறும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள தளத்தில் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் வேண்டும் என்றது. ஆனால் தண்டனைப் பகுதியில் அச்சட்டம் மிக மெலிந்தது. பாதுகாப்பு விதியை மீறினால் 47 ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மீறலால் மரணம் நேர்ந்தாலும் இதற்கு மேல் தனித்தண்டனை அதில் இல்லை. குற்றம் அலுவலருக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையீடு செய்யப்படாவிடில் நீதிமன்றம் அதனை ஏற்கவும் இயலாது.

எண்ணூர் நிகழ்வு: சட்டப் பொருத்தம்

இப்போது முன்னுரையில் கூறிய நிகழ்வுக்குத் திரும்பலாம். கட்டுமானம் முடியாத மின் நிலையம் ஆதலால், லான்கோ தீர்ப்பின்படி அங்கு பொருந்துவது 1996 சட்டம். அதன்கீழ் மெய்ப்பிக்கவேண்டியது விதிமீறல் ஒன்றே; நேர்க்காரணம் தேடவேண்டியதில்லை. ஆயின் கிடைக்கும் மிகுதியான தண்டனை மூன்று மாதமும் இரண்டாயிரம் ரூபாயும்.

பொதுச் சட்டமோ 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு 304அ பிரிவின் சொற்களைப் பெரிதும் அப்படியே வைத்துக்கொண்டு, தண்டனையை ஐந்தாண்டுவரை சிறையும் அபராதமும் என உயர்த்தியது. சொற்கள் மாறாமையால், 1902 முதல் வளர்ந்த நேர்க்காரணச் சோதனையும் அதனோடு தொடர்கிறது. சட்டவிரோதமான செய்யாமை செயலில் அடங்கும் என்ற விதியும் புதிய சட்டத்தில் தொடர்கிறது.

ஆகவே உயரத்தில் அமைக்கப்படும் எஃகுக் கட்டமைப்பு சரிந்து மரணம் நேரும் எவ்வழக்கிலும் புலனாய்வு சில கேள்விகளைத் தொடக்கத்திலேயே எழுப்பவேண்டும். கட்டமைப்பு முழுமையாக இணையும்வரை அதனைத் தாங்கவேண்டிய தற்காலிகத் தாங்கிகளுக்கு வடிவமைப்புக் கணக்கு இருந்ததா? இணைக்கும் வரிசையை வல்லுநர் எழுத்தில் ஒப்பினாரா? அவ்வரிசை தளத்தில் பின்பற்றப்பட்டதா? அன்று காலை சாரத்தைச் சோதித்தவர் எவர், பதிவேட்டில் ஒப்பமிட்டவர் எவர்? பாதுகாப்புப் பட்டையின் கயிறு எதில் கட்டப்பட்டது? சரியும் கட்டமைப்பிலேயே கயிறு கட்டப்பட்டிருந்தால், பட்டை அணிந்திருந்தும் பயனில்லை. தொழிலாளி பட்டை அணிந்தாரா என்ற கேள்வியும் அங்கே பொருளிழக்கும்.

இக்கேள்விகளுக்கான விடைகள் இடிபாட்டிலும் காகிதத்திலும் இருக்கின்றன. முறிந்த இணைப்பும் கழன்ற மரையாணியும் அகற்றப்பட்டுவிட்டால், தாங்கி வலுவற்றிருந்ததா, இணைப்பு முடிக்கப்படாதிருந்ததா என்பதைப் பின்னர் பிரித்தறிய இயலாது. பதிவேடு கைப்பற்றப்படாவிட்டால், சோதனை நடந்ததா என்பது சொல்லுக்குச் சொல்லாகிவிடும். அப்போது எதிர்தரப்புக்கு எளிதில் கிடைக்கும் வாதம், பம்பாய் வண்ண ஆலையின் வாதமே: மேலே இருந்த எவரோ மரையாணியைச் சரியாக முடுக்கவில்லை. மாறாக, தாங்கிக்குக் கணக்கோ ஒப்பமோ இல்லை எனக் காட்டப்பட்டால் வழக்கு ரொட்டிக்கடைப் புகைபோக்கியின் வரிசையில் சேரும். சரிவைத் தடுக்க இயற்றப்பட்ட விதி மீறப்பட்டது, சரிவே நேர்ந்தது.

இங்குதான் மூன்று மாதத் தண்டனையுள்ள சிறிய சட்டத்தின் மெய்யான பயன் வெளிப்படுகிறது. அதன் சாரம் பற்றிய விதிகளும் பாதுகாப்பு அலுவலர் பற்றிய கட்டளையும் இல்லையெனில், செய்யாமையைச் சட்டவிரோதமென்று சொல்ல ஆதாரம் குறையும். ஆய்வாளரின் அறிக்கை எந்த விதி, எந்த நாளில், எவரால் மீறப்பட்டது எனத் துல்லியமாகப் பதிவு செய்தால், காவல்துறையின் பெரிய வழக்கு அதன்மேல் நிற்கும். இரு துறைகளும் தனித்தனியே நடந்தால், முதல் வழக்கு சிறு அபராதத்தில் முடியும். இரண்டாவது காரணம் நிறுவப்படாமல் விடுதலையில் முடியும்.

ஐம்பத்திரண்டு நாள்

2025 நவம்பர் 21 அன்று பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் (2020) நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைச் சட்டமும் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் அதில் ஒன்றாயின. கடமை மீறலால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என அதன் 103 ஆம் பிரிவு விதிக்கிறது. அபராதத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம். மரணத்தை விதிமீறலோடு இணைத்துத் தனிக்குற்றமாகக் கருதும் முறை, தொழிற்சாலையைத் தாண்டிக் கட்டுமானத் தளத்துக்கு இதனால் வந்திருக்கிறது.

எண்ணூர் நிகழ்வுக்கும் இச்சட்டம் நடைமுறையான நாளுக்கும் இடையே ஐம்பத்திரண்டு நாள். செயல் நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்த சட்டத்தினும் மிகுந்த தண்டனையை விதிக்கலாகாது என்பது அரசமைப்பின் 20 ஆம் உறுப்பு தரும் காப்பு. அக்காப்பு வேலையளிப்பவருக்கும் உரியதே. ஆகவே அவ்வொன்பது மரணங்களுக்கு 103 ஆம் பிரிவு எட்டாது. தக்க தண்டனைக்குரிய வழி பொதுச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு ஒன்றே. அங்கே நேர்க்காரணச் சோதனையைக் கடந்தாகவேண்டும்.

புதிய தொகுப்புச் சட்டத்துக்கும் எல்லைகள் உண்டு. சிறைக்குப் பதிலாக அபராதத்தை மட்டும் விதிக்கும் விருப்பத்தை அது நீதிமன்றத்துக்கு விட்டிருக்கிறது. பெரிய திட்டத்தின் செலவில் ஐந்து இலட்சம் மிகச் சிறு பகுதி. அதன் சிறையளவு 1870 இல் குறிக்கப்பட்ட அதே இரண்டு ஆண்டு. மேலும் அச்சட்டம் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களையே கருதுகிறது. நாலைந்து பேர் ஏறும் பழவேற்காட்டுப் படகு இன்றும் அதன் வெளியே நிற்கிறது. படகுக்காரர் கரையில் இருந்துகொண்டு கூலிக்கு ஆளனுப்பும் வழக்கம் பரவுமாயின், பாட்டு முறை தந்த பகிர்ந்த ஆபத்தும் இராது, தொகுப்புச் சட்டம் தரும் கடமையும் இராது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. இந்தியக் குற்றவியல் சட்டம் பணியிட மரணத்தில் வேலையளிப்பவரை நெருங்கத் தடையாக நின்றது தண்டனைப் பிரிவு இல்லாமையன்று. காரணத்தைக் கடைசிக் கையில் தேடிய முறையே. 1965 தீர்ப்பு அம்முறையின் உச்சம். 1968 முதலான தீர்ப்புகள், மீறப்பட்ட விதி எவ்வகை மரணத்தைத் தடுக்க நின்றது என்று வினவியதன்வழி அதனைத் தளர்த்தின. எனினும் அவ்வினாவுக்கு விடை, தீர்ப்புரைகளிலிருந்து கிடைப்பதன்று. விபத்து நேர்ந்த தளத்தின் வடிவமைப்புத் தாள், சோதனைப் பதிவேடு, முறிந்த உலோகம் ஆகியவற்றிலிருந்தே கிடைப்பது.

ஒப்பந்த அடுக்கில் எவர் வேலையளிப்பவர் என்ற ஐயத்துக்குச் சட்டம் ஓரளவு விடை கண்டுவிட்டது: உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் ஆகிய இருவரும். எஞ்சி நிற்பது, அவ்விருவருள் எவர் எந்தக் கடமையை எந்நாளில் செய்யாது விட்டார் என்பதை உரிய காலத்தில் எழுத்தில் நிறுவுவது. அது நிறுவப்படாத இடத்தில், ஐந்தாண்டுச் சிறை என்று சட்டநூல் கூறினும், இறந்த தொழிலாளியின் கையே நேர்க்காரணமாக மீண்டும் எழுதப்படும்.